அம்மாவின் வாய்ப்புண்ணை நாங்கள் நாலு மாதம் நம்பவில்லை

போன வருடத்துக்கு முந்தைய பொங்கல். மூணு நாளும் வீட்டில் சொந்தபந்தம். மூன்றாம் நாள் மதியம் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு உட்கார்ந்த அம்மா, புளிக்குழம்பை ஒரு வாய் வைத்ததுமே கண்ணை மூடிக்கொண்டு அப்படியே இருந்தார். பிறகு எழுந்து போய் மோர் சாதம் பிசைந்து கொண்டுவந்தார். "வாயெல்லாம் எரியுதுடி. கன்னத்துக்கு உள்ள பொத்துப்போச்சு போல" என்றார்.

சாத்தூர் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவருக்குக் காரம் இல்லாமல் சோறு இறங்காது. அப்படிப்பட்டவர் மோர் சாதம் கேட்டபோதே நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. வாய்ப்புண் யாருக்குத்தான் வரவில்லை?

"வயித்துல புண்ணு இருந்தா வாயில வரத்தான் செய்யும்" என்றார் பக்கத்து வீட்டு ஆச்சி. மணத்தக்காளிக் கீரையும் தேங்காய்ப்பாலும் ஒரு வாரம். மருந்துக்கடையில் பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை பத்து நாள். புண் ஆறவில்லை. சாதாரண வாய்ப்புண் ஒன்றோ இரண்டோ வரும், ஓரம் வட்டமாக இருக்கும், ஒன்றிரண்டு வாரத்தில் தானாகப் போய்விடும். அம்மாவுக்கு வந்தது அப்படி இல்லை. கன்னத்தின் உள்பக்கம், ஈறு, அண்ணம் என்று தோல் உரிந்தமாதிரி சிவந்து, ஓரம் கிழிந்த துணிபோல ஒழுங்கில்லாமல் இருந்தது. ஓர் இடம் ஆறுவதற்குள் இன்னோர் இடம் உரியும். பல் துலக்கினால் பிரஷ் பட்ட இடத்தில் ரத்தம். இந்த வித்தியாசமெல்லாம் இப்போதுதான் எனக்குத் தெரியும். அப்போது டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "ஆமாம்மா, புண்ணாத்தான் இருக்கு" என்று மட்டும் சொன்னேன்.

முதலில் பல் மருத்துவரிடம் போனோம். கடைவாய்ப் பல் கூர்மையாக இருக்கிறது, அது உரசுகிறது என்று ராவிவிட்டார். தடவ ஒரு ஜெல், கொப்பளிக்க ஒரு மருந்து. பலனில்லை. பிறகு எங்கள் ஊர் பொது மருத்துவர். ரத்தப் பரிசோதனையில் இரும்புச்சத்து சரி, பி12 சரி, சர்க்கரையும் இல்லை. பெயர் எழுதாத பொட்டலத்தில் ஒரு வாரத்துக்கு மாத்திரை கொடுத்தார். மூன்றாம் நாளே எரிச்சல் குறைந்தது, ஐந்தாம் நாள் அம்மா ரசம் ஊற்றிச் சாப்பிட்டார். வீடே சந்தோஷப்பட்டது. மாத்திரை தீர்ந்த பத்தாம் நாள், புண் முன்னைவிட இரண்டு மடங்காகத் திரும்பியது.

அந்தப் பொட்டலத்தில் இருந்தது ஸ்டீராய்டு என்பது பிறகுதான் தெரிந்தது. இந்த நோய்க்கு ஸ்டீராய்டு சரியான மருந்துதான். ஆனால் என்ன நோய் என்று தெரியாமல், எவ்வளவு நாள் என்று கணக்கில்லாமல் ஒரு வாரம் கொடுத்தால், நோய் கொஞ்ச நாள் மறைந்து நிற்கும். அவ்வளவுதான். பார்க்கிற மருத்துவரையும் அது குழப்பிவிடும்.

மார்ச் மாதம் ஒரு தனியார் கிளினிக்கில், "எதுக்கும் சதை எடுத்துப் பார்த்துடலாம்" என்றார்கள். புற்றுநோயாக இருக்குமோ என்று அப்பா அந்த வாரம் முழுக்கத் தூங்கவில்லை. முடிவு வந்தது. "சாதாரணப் புண். பயப்பட ஒன்றுமில்லை." அப்பா கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தார். அந்த நிம்மதியில் இன்னும் ஒன்றரை மாதத்தைத் தொலைத்தோம். அதற்குள் அம்மாவின் எடை 67 கிலோவிலிருந்து 59 ஆகியிருந்தது.

மே மாத ஆரம்பத்தில் நெஞ்சில் ஒரு கொப்புளம். தளர்ந்துபோன, தண்ணீர் கோத்த கொப்புளம். ஜாக்கெட் உரசினதும் உடைந்துவிட்டது. உடைந்த இடம் ஆறாமல் ஈரமாகவே கிடந்தது. அடுத்த வாரம் முதுகில் நாலைந்து. தலையில் பொருக்குத் தட்டி முடியோடு ஒட்டிக்கொண்டது. அம்மா வீட்டில் தையல் மெஷின் வைத்து ஜாக்கெட் தைப்பவர். அளவு கொடுக்க வந்த ஒரு பெண், கொப்புளத்தைப் பார்த்துவிட்டுத் துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டார். "அம்மையா இருக்குமோ" என்று தெருவில் பேச்சு. வாசலில் வேப்பிலை சொருகச் சொன்னார்கள். அத்தை, "இது அக்கிதான். எழுதிட்டா எறங்கிரும்" என்று அடித்துச் சொன்னார்.

எங்கள் பக்கத்தில் அக்கி வந்தால் மண்பாண்டம் செய்யும் வேளார் வீட்டுக்குப் போய் காவி குழைத்து எழுதிக்கொள்வது வழக்கம். அம்மாவைக் கூட்டிக்கொண்டு அத்தை போனார். அந்தப் பெரியவர் அம்மாவின் முதுகை நன்றாகப் பார்த்தார். குழைத்த காவியை ஓரமாக வைத்துவிட்டார்.

"அக்கின்னா ஒரு பக்கமாத்தான் கொடி மாதிரி படரும் தாயி. இது ரெண்டு பக்கமும் இருக்கு. வாயிலயும் புண்ணுங்கறீங்க. நான் எழுத மாட்டேன். பெரியாஸ்பத்திரிக்குப் போங்க."

அதுவரை பார்த்த யாரும் வாயையும் முதுகையும் சேர்த்து யோசிக்கவில்லை. எத்தனையோ அக்கியைப் பார்த்த அந்தக் கண், இது அது இல்லை என்று கண்டுகொண்டது. மறுநாள் அதிகாலை பஸ் பிடித்து, மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவுக்குப் போனோம்.

அங்கிருந்த பெண் மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே, "முதல்ல வாயில வந்ததா, தோல்லயாம்மா?" என்பதுதான். "வாயிலதான். பொங்கலுக்கு" என்றார் அம்மா. பிறகு அவர், கொப்புளத்துக்குக் கொஞ்சம் தள்ளி, நன்றாக இருந்த தோலைக் கட்டைவிரலால் லேசாக அழுத்தித் தேய்த்தார். மேல்தோல் அப்படியே நகர்ந்து வந்தது, வெந்த தக்காளியின் தோல் போல. எனக்குக் கால் நடுங்கிவிட்டது. "இதை வீட்டுல செஞ்சு பார்க்காதீங்க. புதுசா ஒரு புண்ணுதான் மிச்சமாகும்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

அன்றே ஒரு கொப்புளத்தைத் திறந்து அடியிலிருந்து மெதுவாகச் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். ஒன்றோடொன்று ஒட்டியிருக்க வேண்டிய தோல் செல்கள் கழன்று, உருண்டையாகத் தனித்தனியாகக் கிடந்தனவாம். "எனக்குச் சந்தேகம் பெம்ஃபிகஸ். ஆனா உறுதி பண்ணாம பெரிய மருந்தைத் தொடக் கூடாது. ரெண்டு இடத்துல சதை எடுக்கணும்" என்றார்.

"ஏற்கெனவே எடுத்தாச்சே டாக்டர். சாதாரணப் புண்ணுன்னு வந்ததே" என்று பழைய ரிப்போர்ட்டைக் காட்டினேன். அவர் படித்துவிட்டு, "புண்ணுக்கு நடுவுல எடுத்திருக்காங்க. அங்கதான் மேல்தோலே உரிஞ்சு போயிருக்கே. நாம தேடறது அந்த மேல்தோல்லதான் இருக்கு. அது இல்லாத துண்டை எத்தனை தடவை பார்த்தாலும் சாதாரணப் புண்ணுன்னுதான் வரும்" என்றார்.

அன்று எடுத்த முதல் துண்டு, அப்போதுதான் எழும்பியிருந்த ஒரு சின்னக் கொப்புளத்திலிருந்து, ஓரத்து நல்ல தோலோடு சேர்த்து. இரண்டாவது துண்டு கொப்புளத்துக்குப் பக்கத்தில், பார்க்க ஒன்றுமே இல்லாத தோலிலிருந்து. நல்ல தோலை ஏன் வெட்டுகிறார்கள் என்று அம்மாவுக்குக் கோபம். அந்த இரண்டாவது துண்டுதான் நோயைக் காட்டிக்கொடுக்கப் போகிறது என்று விளக்கினார்கள். முதல் துண்டு வழக்கமான ஃபார்மலினில் போனது. இரண்டாவதை ஃபார்மலினில் போட்டால் பரிசோதனையே வீண். அதற்கென்று தனித் திரவம் வேண்டும், அந்தச் சோதனை செய்யும் லேபும் எல்லா ஊரிலும் கிடையாது.

பத்து நாளில் முடிவு வந்தது. ஒளிரும் சாயம் போட்டுப் பார்த்தபோது, தோல் செல்களைச் சுற்றி மீன் வலை விரித்தமாதிரி பச்சை ஒளி. பெம்ஃபிகஸ் வல்காரிஸ்.

எங்களை உட்கார வைத்து மருத்துவர் விளக்கினார். அம்மா தையல்காரர் என்று தெரிந்ததும் அவருக்கு வேலை சுலபமாகிவிட்டது. "தோல்ல ஒரு செல்லையும் இன்னொரு செல்லையும் தைச்சு வச்சிருக்கிற நூல் மாதிரி ஒரு புரதம் இருக்கும்மா. டெஸ்மோக்ளீன்னு பேரு. உடம்பைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்புச் சக்தி, அந்த நூலையே எதிரின்னு நினைச்சுத் தாக்குது. தையல் விட்டா என்ன ஆகும்? துணி பிரியும். பிரிஞ்ச இடத்துல தண்ணி கோத்துக்கிட்டா அதுதான் கொப்புளம்."

"அப்ப ஏன் டாக்டர் முதல்ல வாயில மட்டும் வந்துச்சு?" என்று அம்மா கேட்டார். நான்கூடக் கேட்க நினைக்காத கேள்வி.

அந்த நூலில் முக்கியமாக இரண்டு வகை, ஒன்று, மூன்று என்று எண் வைத்திருக்கிறார்கள். வாயின் உள்பக்கத்தைப் பிடித்திருப்பது பெரும்பாலும் மூன்றாம் நூல். உடம்பின் தோலில் இரண்டுமே உண்டு, ரெட்டைத் தையல் மாதிரி. ஆரம்பத்தில் தாக்குதல் மூன்றாம் நூல்மேல் மட்டும் நடக்கும். வாயில் பிரிந்துவிடும். தோலை மற்ற நூல் தாங்கிக்கொள்ளும். நாளாக ஆக ஒன்றாம் நூலுக்கும் எதிராகக் கிளம்பும்போது தோலும் பிரிய ஆரம்பிக்கிறது. பல பேருக்கு வாயில் தொடங்கி, மாதக்கணக்கில் கழித்துத் தோலுக்கு வருவது இதனால்தான். வாயோடு நின்றுவிடுபவர்களும் உண்டு. கொப்புளம் இவ்வளவு சுலபமாக உடைவதற்கும் காரணம் சொன்னார். மேல்தோலுக்கு உள்ளேயே பிரிவதால் கொப்புளத்தின் கூரை மிக மெல்லியது.

"தொத்துமா?" இது அப்பா.

"தொத்தவே தொத்தாது. ஒரே தட்டுல சாப்பிடலாம், ஒரே பாய்ல படுக்கலாம்." அதைக் கேட்டுத்தான் அம்மா அன்று முதல் தடவையாக அழுதார். அந்த இரண்டு வாரமாகத் தன் டம்ளரைத் தனியாக வைத்திருந்திருக்கிறார். நாங்கள் கவனிக்கவில்லை.

அன்றே அம்மாவை வார்டில் சேர்த்தார்கள். 59 கிலோ எடைக்குத் தினம் 40 மில்லிகிராம் பிரெட்னிசலோன், காலையில் சாப்பிட்டபின். கூடவே எலும்புக்குக் கால்சியம், வைட்டமின் டி. 1950களில் ஸ்டீராய்டு வருவதற்குமுன் இந்த நோய் வந்தவர்களில் பெரும்பாலானோர் பிழைத்ததில்லை என்றார் மருத்துவர். 1980களில் டெல்லி எய்ம்ஸில் மருத்துவர் பஸ்ரிச்சா, மாதம் ஒருமுறை மூன்று நாள் அதிக அளவு மருந்தை நரம்பு வழியே ஏற்றும் முறையைக் கொண்டுவந்தார். நம் நாட்டில் நிறையப் பேர் அதில் பிழைத்தார்கள். இப்போது ரிடுக்ஸிமாப் என்ற ஊசி இருக்கிறது. அமெரிக்காவில் இந்த நோய்க்கு அதை அனுமதித்தது 2018-ல். எதிர்ப்பொருளை உருவாக்கும் வழியில் இருக்கும் பி செல்களை அது குறைக்கிறது. அம்மாவுக்கு ஒரு கிராம் வீதம், பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு முறை என்று முடிவானது.

ஆனால் உடனே போடவில்லை. மார்பு எக்ஸ்ரே, காசநோய்ப் பரிசோதனை, ஹெபடைட்டிஸ் பி, சி, எச்.ஐ.வி. எல்லாம் பார்த்தார்கள். ஹெபடைட்டிஸ் பி உடம்பில் ஒளிந்திருந்தால் இந்த ஊசிக்குப் பிறகு அது விழித்துக்கொண்டு கல்லீரலையே கெடுத்துவிடலாமாம். எல்லாம் நல்லபடியாக வந்தது. ஊசிக்கு நாள் குறித்தார்கள். அதற்கு முந்தைய இரவுதான் அம்மாவுக்குக் காய்ச்சல் கொதித்தது.

முதுகில் உரிந்த இடத்தில் சீழ். குளிரில் கட்டிலே ஆடியது. ரத்தத்தில் சர்க்கரை 280. முன்பு இல்லாத சர்க்கரை, ஸ்டீராய்டால் ஏறியது. ராத்திரி இரண்டு மணிக்குப் பயிற்சி மருத்துவர் ஓடி வந்து, சீழிலும் ரத்தத்திலும் மாதிரி எடுத்துவிட்டு ஆன்டிபயாடிக் ஏற்ற ஆரம்பித்தார். மறுநாள் பெரிய மருத்துவர் சொன்னார். "இந்த நோய்ல பயப்பட வேண்டியது கொப்புளத்துக்கு இல்ல, உரிஞ்ச தோல் வழியா உள்ள போற கிருமிக்குத்தான். நாம கொடுக்கிற மருந்தும் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்குது. நோயையும் அடக்கணும், கிருமியையும் விடக் கூடாது. தினம் பார்த்துப் பார்த்துத்தான் மருந்தைக் கூட்டிக் குறைக்க முடியும்." ஊசி பத்து நாள் தள்ளிப்போனது. இந்த நோய்க்குத் தோல் நோய் நிபுணர் ஏன் வேண்டும் என்பது அந்த இரவில் எனக்குப் புரிந்தது. மருந்துச் சீட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு ஊருக்குத் திரும்பிவிடுகிற நோய் இல்லை இது.

அந்த நாட்களில் அம்மாவைத் தாங்கியது வாழை இலை. துணி விரித்தால் ஒட்டிக்கொள்ளும், புரளும்போது தோலோடு பிய்த்துக்கொண்டு வரும். வார்டு செவிலியர், சுத்தம் செய்து கிருமி நீக்கிய இலையைப் படுக்கையில் விரித்தார். குளிர்ச்சியாக, வழவழப்பாக, ஒட்டாமல் இருந்தது. அப்பா தினம் காலையில் மார்க்கெட் போய் கிழியாத இலையாகப் பார்த்து வாங்கி வருவார். பெரிய கொப்புளத்தைச் செவிலியர் சுத்தமான ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வடிப்பார், மேலே இருக்கும் தோலை மட்டும் கிள்ளி எடுக்க மாட்டார். அதுதான் புண்ணுக்கு மூடி. பிளாஸ்திரி ஒட்டவே கூடாது. சாப்பாடு கேழ்வரகுக் கூழ், குழைந்த தயிர் சாதம், ஆறவைத்த முட்டைக் கலக்கல். முறுக்கு, அப்பளம், புளி, காரம் எதுவும் இல்லை.

காய்ச்சல் நின்றபின் ஊசி போட்டார்கள். முன்னதாக ஒவ்வாமை வராமலிருக்க மருந்து கொடுத்துவிட்டு, மெதுவாகச் சொட்டுச் சொட்டாக, அரை மணிக்கு ஒருமுறை ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டு ஏற்றினார்கள். ஏறக்குறைய ஐந்து மணி நேரம். மறுநாளே சரியாகிவிடும் என்று எதிர்பார்த்து ஏமாந்தோம். அந்த ஊசி வேலை செய்ய வாரக்கணக்காகும், அதுவரை ஸ்டீராய்டுதான் கட்டிப்பிடித்து வைத்திருக்க வேண்டும். ஜூலையில் புதுக் கொப்புளம் வருவது நின்றது. ஆகஸ்டில் முதுகு மூடி, கறுப்புத் தழும்பு மட்டும் இருந்தது. வாய்தான் கடைசியில் ஆறியது.

கதை அங்கே முடிந்திருக்கலாம். செப்டம்பரில், மாத்திரை படிப்படியாகக் குறைந்து 20 மில்லிகிராமில் இருந்தபோது, அம்மா எங்களுக்குத் தெரியாமல் நிறுத்திவிட்டார். முகம் உப்பிப்போனது அவருக்குப் பிடிக்கவில்லை. "ஆறித்தான போச்சு" என்று நினைத்திருக்கிறார். நாலாம் நாள் வாந்தி, எழுந்தால் தலைசுற்றல். ஐந்தாம் நாள் அடுப்படியில் மயங்கி விழுந்தார். மாதக்கணக்கில் மாத்திரையாக ஸ்டீராய்டு போகும்போது, உடம்பு தானாகச் சுரக்க வேண்டியதைச் சுரக்காமல் விட்டுவிடுகிறது. மாத்திரை திடீரென்று நின்றால் இரண்டுமே இல்லாமல் போய்விடும். உயிருக்கே ஆபத்தாகும். நல்லவேளை, நேரத்தோடு கொண்டுபோனோம். மருத்துவர் திட்டிய திட்டில் அம்மாவைவிட நான்தான் அதிகம் கூனிக் குறுகினேன். அதன்பின் மாத்திரை டப்பா என் பொறுப்பு. காலண்டரில் தேதி எழுதி, அவர் சொன்னபடி சிறுகச் சிறுகக் குறைத்தோம். சர்க்கரையும் தானாக இறங்கியது.

இப்போது அம்மா மாத்திரை இல்லாமல் ஏழு மாதம் ஆகிறது. மெஷின் மறுபடி ஓடுகிறது. துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போன பெண், தன் மகள் கல்யாண ஜாக்கெட்டுக்கு அம்மாவிடம்தான் வந்தார். நோய் முழுசாகப் போய்விட்டது என்று மருத்துவர் சொல்லவில்லை. திரும்பி வரலாம், வந்தால் பெரும்பாலும் வாயில்தான் முதலில் தெரியும் என்றிருக்கிறார். அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய்க் காட்டுகிறோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜன்னல் வெளிச்சத்தில் அம்மா வாயைத் திறக்க, நான் டார்ச் அடித்துப் பார்க்கிறேன்.

உங்கள் வீட்டில் யாருக்காவது வாய்ப்புண் மூன்று வாரம் தாண்டியும் ஆறவில்லையா? ஓர் இடம் ஆற இன்னோர் இடம் உரிகிறதா? கூடவே தோலில் தளர்ந்த கொப்புளம் வந்து, தொட்டாலே உடைகிறதா? மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. அங்கே போங்கள். வாயையும் தோலையும் சேர்த்தே காட்டுங்கள். ஏற்கெனவே சாப்பிட்ட மாத்திரை அட்டைகளைத் தூக்கி எறியாமல் கொண்டுபோங்கள். சதைப் பரிசோதனை ஒருமுறை ஒன்றுமில்லை என்று வந்திருந்தாலும், எந்த இடத்தில் எடுத்தார்கள் என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியை மார்ச் மாதமே நான் கேட்டிருந்தால், அம்மாவின் முதுகு அந்தப் பாடு பட்டிருக்காது.